"நான் அங்கே இல்லை!"

ராயபுரத்தில் இரவு எட்டரை மணிக்கு ஒரு கொலை நடக்கிறது. போலீசார் ஒருவரைப் பிடிக்கிறார்கள். அவர் சொல்கிறார்:

"அய்யா, அந்த நேரத்தில் நான் திருவொற்றியூரில் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு இருந்தேன். எனக்கும் கொலைக்கும் சம்பந்தம் இல்லை."

இப்படிச் சொல்வதற்குச் சட்டத்தில் ஒரு பெயர் இருக்கிறது. "அலிபி" என்பார்கள். அது லத்தீன் மொழிச் சொல். "வேறு இடத்தில்" என்பது அதன் பொருள். நம் வக்கீல்கள் தமிழில் "வேற்றிட வாதம்" என்று சொல்வது உண்டு.

சினிமாவில் இதை அடிக்கடி பார்க்கிறோம். தீர்ப்புச் சொல்லும் நேரத்தில் ஒருவர் மூச்சு இரைக்கக் கோர்ட்டுக்குள் ஓடி வருவார். "நிறுத்துங்கள்! அன்று இரவு இவர் என்னோடுதான் இருந்தார்" என்பார். உடனே கதாநாயகன் விடுதலை ஆகிவிடுவார்.

உண்மையான கோர்ட்டில் அப்படி நடக்காது. கடைசி நேரத்தில் ஓடி வருகிற சாட்சியை நீதிபதி சந்தேகத்தோடுதான் பார்ப்பார். "இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள்?" என்பதுதான் அவரைப் பார்த்துக் கேட்கப்படும் முதல் கேள்வியாக இருக்கும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? அது நியாயம்தானா? வடசென்னையில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்களும், லாரி ஓட்டுகிறவர்களும், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

சென்னையும் லடாக்கும்

1872-ம் ஆண்டு வெள்ளைக்காரர் ஆட்சியில் இந்திய சாட்சியச் சட்டம் வந்தது. அதில் 11-வது பிரிவு இந்த வாதத்துக்கு இடம் கொடுத்தது. படிக்கிறவர்களுக்குப் புரிவதற்காக ஓர் உதாரணமும் அதிலே எழுதி வைத்தார்கள். "கல்கத்தாவில் ஒரு குற்றம் நடந்தது. அதைச் செய்ததாகச் சொல்லப்படுகிறவர் அன்று லாகூரில் இருந்தார் என்றால், அந்தச் செய்தி வழக்குக்குச் சம்பந்தம் உள்ளது" என்பது அந்த உதாரணம்.

அந்தச் சட்டம் மாறிவிட்டது. அதன் இடத்தில் 2023-ல் நிறைவேறிய பாரதிய சாட்சிய சட்டம் 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் இது 9-வது பிரிவு. லாகூர் இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது அல்லவா? ஆகவே ஊர்களை மாற்றிவிட்டார்கள். எந்த ஊர் தெரியுமா? நம் சென்னைதான்! சென்னையில் குற்றம் நடந்த நாளில் அவர் லடாக்கில் இருந்தார் என்று உதாரணம் எழுதி இருக்கிறார்கள்.

சென்னைக்கும் லடாக்குக்கும் இடையே நாட்டின் நீளமே கிடக்கிறது. அங்கே இருந்தவர் இங்கே கத்தி வீச முடியாது. இதில் யாருக்கும் சந்தேகம் வராது.

ஆனால் கோர்ட்டுக்கு வருகிற வழக்குகளில் லடாக் வருவது இல்லை. ராயபுரமும் திருவொற்றியூரும் வருகின்றன. காசிமேடும் எண்ணூரும் வருகின்றன. அங்கேதான் சிக்கல்.

நைனி தொழிற்சாலை வழக்கு

இதைப் புரிந்துகொள்ள ஒரு வழக்கைச் சொல்கிறோம். சட்டம் படிக்கிற எல்லோருக்கும் தெரிந்த வழக்கு. துத்நாத் பாண்டே வழக்கு என்று அதற்குப் பெயர். 1981-ல் சுப்ரீம் கோர்ட்டு அதில் தீர்ப்புக் கூறியது.

உத்தரப் பிரதேசத்தில் அலகாபாத் நகரில் காலை சுமார் ஒன்பது மணிக்கு ஓர் இளைஞர் கொல்லப்பட்டார். பார்த்த சாட்சிகள் இருந்தார்கள். பிடிபட்டவர் என்ன சொன்னார்?

"நைனியில் உள்ள தொழிற்சாலையில் நான் வேலை பார்க்கிறேன். அந்த நேரத்தில் நான் வேலையில் இருந்தேன்" என்றார்.

வெறும் வாயால் சொல்லவில்லை. தொழிற்சாலையைச் சேர்ந்தவர்களையே சாட்சிக்கு அழைத்தார். அன்று காலை அவர் வேலைக்கு வந்ததாக அவர்கள் சொன்னார்கள்.

படிக்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? "பாவம், இவர் நிரபராதி. கம்பெனி ஆட்களே சொல்கிறார்களே!" என்று தோன்றும்.

நீதிபதிகள் அந்தச் சாட்சிகளைப் பொய்யர்கள் என்று ஒதுக்கித் தள்ளவில்லை. குற்றம் சாட்டப்பட்டவரின் பக்கம் வருகிற சாட்சிகளையும் போலீஸ் தரப்புச் சாட்சிகளைப் போலவே சமமாக நடத்த வேண்டும், அவர்களைக் கண்டாலே நம்பாமல் இருக்கும் பழக்கத்தைக் கோர்ட்டுகள் விட வேண்டும் என்று அந்தத் தீர்ப்பிலேயே சொன்னார்கள். இது மிகப் பெரிய வார்த்தை.

"சரி, அந்தச் சாட்சிகள் சொன்னது அத்தனையும் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அதனால் என்ன ஏற்படுகிறது?" என்று பிறகு பார்த்தார்கள்.

அந்தத் தொழிற்சாலையில் உள்ளே வரும்போது அட்டையில் மணி குத்த வேண்டும். வெளியே போகும்போது குத்த வேண்டியது இல்லை! ஆகவே எட்டரை மணிக்கு அவர் உள்ளே வந்தார் என்பதற்குத்தான் சாட்சியம் இருந்தது. ஒன்பது மணிக்கு உள்ளே இருந்தார் என்பதற்கு இல்லை. தொழிற்சாலைக்கும் கொலை நடந்த இடத்துக்கும் தூரம் குறைவு. எட்டரைக்குத் தொழிற்சாலையில் இருந்தவர் ஒன்பதுக்குக் கொலை நடந்த இடத்தில் இருக்க முடியும்.

அவர் உரிய நேரத்துக்கு வந்து, அட்டையைக் குத்திவிட்டு, உடனே வெளியேறி இருக்க வேண்டும் என்று கோர்ட்டு முடிவு செய்தது. குற்றவாளி என்ற தீர்ப்பு உறுதி ஆயிற்று. தூக்குத் தண்டனை மட்டும் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது.

இந்த வழக்கில்தான் சுப்ரீம் கோர்ட்டு ஒரு விதியைத் தெளிவாகச் சொன்னது. வேறு இடத்தில் இருந்தேன் என்றால் மட்டும் போதாது. குற்றம் நடந்த நேரத்தில் அந்த இடத்துக்கு வந்திருக்கவே முடியாத அளவுக்குத் தூரத்தில் இருந்ததாகக் காட்ட வேண்டும்.

2001-ல் பீகார் வழக்கு ஒன்று வந்தது. "நான் பஞ்சாயத்துக் கூட்டத்தில் இருந்தேன்" என்றார்கள். கூட்டம் நடந்த இடம் கொலை நடந்த இடத்தில் இருந்து 400, 500 கஜ தூரம்தான். இதை வேறு இடம் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்று கோர்ட்டு சொல்லிவிட்டது.

நம் ஊர்க் கணக்கு

இப்போது நம் திருவொற்றியூர்த் தொழிலாளியிடம் வருவோம். இது நாம் கற்பனையாகச் சொல்கிற ஆள்.

அவருக்குப் பிற்பகல் இரண்டு மணி முதல் இரவு பத்து மணி வரை ஷிப்ட். கொலை நடந்தது ராயபுரத்தில், இரவு எட்டரைக்கு. இடையே சுமார் ஆறு, ஏழு கிலோ மீட்டர். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றால் அந்தத் தூரத்துக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். ஆனால் மோட்டார் சைக்கிள்காரர் சந்து பொந்துகளில் நுழைந்து அரை மணிக்குள் போய்விடுவார்.

இரண்டு மணிக்கு அவர் உள்ளே வந்ததற்கு ரிஜிஸ்தரில் கையெழுத்து இருக்கிறது. அது போதுமா? போதாது. நைனி வழக்கின் கதைதான்.

இரவு பத்து மணிக்கு வெளியே போனதற்கும் கையெழுத்து இருக்கிறது. அப்போதாவது போதுமா? அதுவும் போதாது. எட்டு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை. அந்த நேரத்தில் வாசலில் யார் போனார்கள், யார் வந்தார்கள் என்று எழுதுவது உண்டா என்று அரசாங்க வக்கீல் கேட்பார். எழுதுவது இல்லை என்றால் வாதம் அங்கேயே ஓட்டை ஆகிவிடும்.

வேறு ஒரு சாட்சியம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டே கால் மணிக்கு அவருடைய இயந்திரம் நின்றுபோயிற்று. மேஸ்திரியை அழைத்தார். பழுது பார்க்கிறவர் வந்தார். எட்டு ஐம்பதுக்கு இயந்திரம் மறுபடியும் ஓடியது. மூன்று பேரும் அந்த முப்பத்தைந்து நிமிடமும் அங்கேயே நின்றார்கள். பழுது நோட்டில் அன்றைக்கே மணி போட்டு எழுதி இருக்கிறது.

இது கெட்டியான சாட்சியம். கொலை நடந்த எட்டரை மணிக்கு முன்னும் பின்னும் அவரை ஓர் இடத்தில் கட்டிப் போட்டுவிட்டது. நடுவே போய்த் திரும்ப நேரம் இல்லை. எழுதியவருக்குக் கொலையைப் பற்றி அப்போது தெரியாது. ஆகவே யாரையும் காப்பாற்றுவதற்காக எழுதியது என்று சொல்ல முடியாது.

நீதிபதி தேடுவது இதைத்தான். குற்றம் நடந்த நிமிடத்தை இரண்டு பக்கமும் மூடுகிற சாட்சியம் இருக்கிறதா என்று பார்க்கிறார். இரண்டு பக்கமும் திறந்து கிடந்தால், ரிஜிஸ்தர் எத்தனை இருந்தும் பயன் இல்லை.

கொலை நடந்த நேரமே சரியாகத் தெரியாத வழக்குகளும் உண்டு. பிணம் காலையில் கிடைக்கும். இரவு எட்டு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையே செத்திருக்கலாம் என்று டாக்டர் சொல்வார். அப்போது அந்த நான்கு மணி நேரத்துக்கும் அவர் எங்கே இருந்தார் என்று காட்டியாக வேண்டும்.

மொய் நோட்டு

தொழிற்சாலை இல்லாதவர்கள் என்ன சொல்வார்கள்? "கல்யாண வீட்டில் இருந்தேன்" என்பார்கள். நிறைய வழக்குகளில் இப்படி வரும். மொய் நோட்டைக் கொண்டு வந்து காட்டுவார்கள். அதில் அவர் பெயரும் ரூபாய் ஐந்நூறும் இருக்கும்.

ஆனால் மொய் எழுதும் வழக்கம் நமக்குத் தெரியாதா? அண்ணன் பெயரில் தம்பி எழுதுவார். புருஷன் பெயரில் மனைவி கொடுத்துவிட்டு வருவார். ஆகவே பணம் வந்ததைத்தான் மொய் நோட்டு காட்டும். ஆள் வந்ததைக் காட்டாது. நேரமும் அதில் இருக்காது.

இப்போது செல்போன் வந்திருக்கிறது. "என் போன் அந்த நேரத்தில் எண்ணூர்க் கோபுரத்தில் பதிவாகி இருக்கிறது" என்கிறார்கள். நல்ல சாட்சியம்தான். ஆனால் போன் இருந்த வட்டாரத்தைத்தான் அது காட்டும். போனை வீட்டில் வைத்துவிட்டு ஆள் வெளியே போகலாம். அந்த நேரத்தில் அவரே பேசினார் என்று எதிர்முனையில் இருந்தவர் வந்து சொன்னால் பலம் கூடும்.

கேமராப் படமும் இப்படியே. படத்தில் ஒரு மூலையில் மணி தெரியும். அந்தக் கேமராவின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று யாராவது சொல்ல வேண்டும். இருபது நிமிடம் பிந்தி ஓடுகிற கேமராக்கள் கடைத்தெருவில் இல்லையா, என்ன?

உறவினர் சாட்சி சொன்னால் தள்ளிவிடுவார்களா? தள்ளிவிட வேண்டும் என்று சட்டம் இல்லை. இரவில் ஒருவர் வீட்டில் இருந்தால், அதை வீட்டில் உள்ளவர்கள்தானே சொல்ல முடியும்? ஆனால் "இரண்டு வருஷத்துக்கு முன் நடந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமையை மட்டும் எப்படி இவ்வளவு நன்றாக நினைவு வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். "அன்று குழந்தைக்குக் காய்ச்சல், ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம், இதோ சீட்டு" என்று சொன்னால் நம்புவதற்கு ஒரு பிடி கிடைக்கிறது. "தினமும் வீட்டில்தான் இருப்பார், அன்றும் இருந்தார்" என்றால் பிடி இல்லை.

எப்போது சொல்ல வேண்டும்?

முதல் நாளே சொல்ல வேண்டும். போலீஸ் அதிகாரியிடம் சொல்ல வேண்டும். காவலில் வைக்க மாஜிஸ்திரேட் முன் கொண்டு போகும்போது அவரிடமும் சொல்லலாம். வக்கீல் வைத்து எழுத்து மூலமாகக் கொடுப்பது இன்னும் நல்லது.

விசாரணை தொடங்கிய பிறகு, போலீஸ் தரப்புச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும்போதே வக்கீல் இதைக் கிளப்ப வேண்டும். "எதிரி அந்த நேரத்தில் அங்கே இல்லை, தொழிற்சாலையில் இருந்தார் என்கிறேன்" என்று சாட்சியிடம் போட்டுக் கேட்க வேண்டும். போலீஸ் தரப்பு முடிந்ததும் நீதிபதி எதிரியைப் பார்த்து நேராகக் கேள்விகள் கேட்பார். அப்போது தன் வாயால் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு தன் சாட்சிகளைக் கூப்பிடலாம். ரிஜிஸ்தரைக் கொண்டு வரும்படி கம்பெனிக்குச் சம்மன் அனுப்பவும் கேட்கலாம்.

இங்கிலாந்தில் இந்த வாதத்தைக் கிளப்ப முன்கூட்டி நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று 1967-ல் சட்டம் செய்தார்கள். நம் நாட்டில் அப்படிக் கட்டாயம் இல்லை. ஆனாலும் தாமதமாகச் சொன்னால், "யோசித்துக் கட்டிய கதை" என்ற பேச்சு வந்துவிடும்.

இன்னும் ஒன்று. "நான் அங்கே இல்லை" என்று ஒரு பக்கமும், "அவன் அடிக்க வந்தான், தற்காப்புக்காக அடித்தேன்" என்று மறு பக்கமும் சொல்லக் கூடாது. இல்லாத ஆள் எப்படித் தற்காத்துக்கொள்வார்? இரண்டையும் சொல்கிறவர் இரண்டையும் இழக்கிறார்.

யார் நிரூபிக்க வேண்டும்?

இங்கேதான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். "வேறு இடத்தில் இருந்தேன் என்று சொன்னால் நான்தானே நிரூபிக்க வேண்டும்?" என்கிறார்கள். பாதி உண்மை.

வேறு இடத்தில் இருந்ததாகச் சொல்கிறவர் அதை நிரூபிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் அது இரண்டாவது படி. முதல் படி போலீசாருடையது. அவர் அங்கே இருந்தார், அவர்தான் செய்தார் என்று அவர்கள் முதலில் நிரூபிக்க வேண்டும். அதில் அவர்கள் தோற்றுவிட்டால், எதிரி ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட வேண்டியது இல்லை. வழக்கு முடிந்தது.

போலீசார் தங்கள் பங்கைச் செய்துவிட்டால் எதிரியின் சுமை கனமாகிவிடும். அவர் அங்கே இருந்திருக்கவே முடியாது என்று திட்டவட்டமாகக் காட்ட வேண்டும் என்று 1996-ல் பினய்குமார் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. அதே தீர்ப்பில் ஒரு கதவையும் திறந்து வைத்தது. "அவர் அங்கே இருந்தாரா?" என்று நியாயமான சந்தேகம் எழுகிற தரத்தில் சாட்சியம் இருந்தால், அந்தச் சந்தேகத்தின் பலன் அவருக்கே உரியது என்றது.

எதிரி சொன்னது பொய் என்று தெரிந்துவிட்டால்? அதனால் மட்டும் அவர் கொலைகாரர் ஆகிவிட மாட்டார். பயத்தில் பொய் சொல்கிறவர்கள் உண்டு. அந்த நேரத்தில் சீட்டு ஆடிக்கொண்டு இருந்தவர், வெட்கப்பட்டுக்கொண்டு வேலையில் இருந்தேன் என்பார். போலீஸ் தரப்பு தன் சொந்தக் காலில் நிற்க வேண்டும். மற்ற சாட்சியங்கள் பலமாக இருக்கும்போதுதான் பொய் வாதம் எதிரிக்கு எதிராக இன்னொரு கண்ணியாகச் சேரும்.

நாம் கேட்பது

கோர்ட்டு இதை நெருக்கிப் பார்ப்பது சரி என்றே நாம் நினைக்கிறோம். "என்னோடு இருந்தார்" என்று சொல்ல நான்கு நண்பர்களைக் கூட்டி வருவது எளிது. அதற்கு எல்லாம் தலை அசைத்தால், செத்தவரின் தாய்க்கும் மனைவிக்கும் யார் பதில் சொல்வது?

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. தெருச் சண்டையில் ஒருவர் குத்துப்பட்டால், பகையாளி வீட்டில் உள்ள அண்ணன், தம்பி, மாமன், மச்சான் எல்லோருடைய பெயரையும் புகாரில் எழுதிக் கொடுக்கிற வழக்கம் உண்டு. அவர்களில் ஒருவர் அந்த நேரத்தில் உண்மையாகவே எண்ணூரில் ஷிப்டில் இருந்திருப்பார். அவருக்கு இருக்கும் ஒரே துணை இந்த வாதம்தான்.

அவர் ஒப்பந்தத் தொழிலாளி. கம்பெனி ரிஜிஸ்தரில் அவர் பெயர் இல்லை. காண்டிராக்டரின் மேஸ்திரி சட்டைப் பையில் வைத்திருக்கும் சின்ன நோட்டில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறது. அவ்வளவுதான். நிரந்தரத் தொழிலாளிக்கு அட்டை சாட்சி சொல்கிறது. இவருக்கு எது சாட்சி?

வாசலில் கேமரா இருக்கிறது. ஆனால் அதன் படம் எப்போதும் இருக்காது. சில நாளோ, சில வாரமோ ஆனால் பழைய படம் அழிந்து அதன் மேல் புதுப் படம் பதிந்துவிடும். வழக்கு விசாரணைக்கு வர ஒரு வருஷமோ, இரண்டு வருஷமோ ஆகும். உள்ளே இருக்கிற ஏழை அந்தப் படத்தை எப்படிப் போய் எடுப்பார்?

ஆகவே, பிடிபட்டவர் "நான் இன்ன இடத்தில் இருந்தேன்" என்று சொன்னால், விசாரிக்கிற போலீஸ் அதிகாரி அந்த வாரமே அந்த இடத்துக்குப் போக வேண்டும். ரிஜிஸ்தரைப் பார்க்க வேண்டும். கேமராப் படத்தைக் கைப்பற்ற வேண்டும். மேஸ்திரியின் நோட்டையும் வாங்கி வைக்க வேண்டும். அவர் சொன்னது பொய் என்றால் அது போலீசாருக்கே லாபம். பின்னால் கதை கட்ட முடியாது. உண்மை என்றால், குற்றம் செய்த வேறு ஒருவன் வெளியே திரிகிறான் என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

குடும்பத்தாரும் காத்திருக்கக் கூடாது. கைதான இரண்டொரு நாளிலேயே, "இன்ன தேதி, இன்ன மணி முதல் இன்ன மணி வரை உள்ள கேமராப் படத்தை அழிக்காமல் வையுங்கள்" என்று கம்பெனிக்கு ஒரு கடிதம் ஸ்பீடு போஸ்டில் அனுப்ப வேண்டும். அதன் நகலைப் போலீஸ் நிலையத்துக்கும் அனுப்ப வேண்டும். ரசீதைப் பத்திரமாக வைக்க வேண்டும். வக்கீல் கிடைக்காதவர்கள் கோர்ட்டில் உள்ள இலவச சட்ட உதவி மையத்துக்குப் போகலாம். அங்கே கட்டணம் இல்லை.

கம்பெனிகளுக்கும் ஒன்று சொல்கிறோம். உள்ளே வரும் நேரத்தைச் சம்பளம் பிடிப்பதற்காகக் கண்டிப்பாக எழுதுகிறீர்கள். வெளியே போகும் நேரத்தையும், இடைவேளைக்குப் போய் வரும் நேரத்தையும் எழுதுங்கள். காண்டிராக்டர் ஆட்களுக்கும் சேர்த்து எழுதுங்கள். நைனி தொழிற்சாலையில் வெளியே போகும்போதும் அட்டை குத்தும் வழக்கம் இருந்திருந்தால், அன்று காலை ஒன்பது மணிக்கு அவர் உள்ளே இருந்தாரா, இல்லையா என்று சுப்ரீம் கோர்ட்டு வரை போய் ஊகிக்க வேண்டிய தேவையே வந்திருக்காது.